ரெடிமிக்ஸ் சப்மிட்டலில் கியூப் எடை காட்டிக்கொடுத்த கதை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

தரக்கட்டுப்பாடு_ஆள்

ரெடிமிக்ஸ் சப்ளையருக்கு மெட்டீரியல் அப்ரூவல் பார்த்த அனுபவம் உள்ளவர்கள் இங்கே பகிருங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

40 கிரேடு, பம்ப் கான்கிரீட். ஃபைல் பார்க்க நன்றாகவே இருந்தது. சிமென்ட் 320 கிலோ, ஃபிளை ஆஷ் 80, தண்ணீர் 160, மணல் 760, ஜல்லி இரண்டு அளவும் சேர்த்து 1070, அட்மிக்ஸர் 4. டார்கெட் 48.25, அதாவது 40-உடன் 1.65 மடங்கு 5. டிரையல் மிக்ஸில் 28 நாள் சராசரி 51. ஜல்லியின் டெஸ்ட் ரிப்போர்ட், சிமென்ட் சான்றிதழ், அட்மிக்ஸர் டேட்டா ஷீட் எல்லாம் வரிசையாக இருந்தன. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஒரு பழக்கம் எனக்கு உண்டு. மிக்ஸ் டிசைனில் உள்ள எடைகளை எல்லாம் கூட்டிப் பார்ப்பேன். கூட்டினால் ஒரு கன மீட்டருக்கு 2394 கிலோ. 150 மில்லிமீட்டர் கியூப் என்றால் சுமார் 8.08 கிலோ வர வேண்டும். டிரையல் ஷீட்டில் ஒன்பது கியூபின் எடைகளும் 8.29, 8.32, 8.35 என்று இருந்தன. நன்றாகத் தட்டி, காற்றில்லாமல் வார்த்திருந்தாலும் நூறு கிராம் கூடும், அவ்வளவுதான். இங்கே ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட கால் கிலோ அதிகம். அந்தக் கான்கிரீட் 2465 கிலோ அடர்த்தி உள்ளது. தாளில் எழுதியிருந்த கான்கிரீட் அது இல்லை.

ஜல்லி ரிப்போர்ட்டில் ஒப்படர்த்தி 2.72. அதை 2.9 என்று வைத்துக் கணக்குப் போட்டேன், கியூப் எடை கச்சிதமாகப் பொருந்தியது. சப்ளையரை உட்கார வைத்துக் கேட்டதும் ஒத்துக்கொண்டார்: டிரையல் பழைய குவாரிக் கல்லில் போட்டது, நடுவில் குவாரி மாறிவிட்டது, ஜல்லி ரிப்போர்ட்டை மட்டும் புதிதாக வைத்திருக்கிறார்கள்.

புதுக் கல்லில் மறுபடி டிரையல் போடச் சொன்னோம். நானே போய் நின்றேன். அந்தக் கல்லில் தட்டையான துண்டுகள் அதிகம். அதே 180 ஸ்லம்ப் வர 8 லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் கேட்டது. 28 நாளில் 46தான் வந்தது, டார்கெட்டைத் தொடவில்லை. அப்புறம் அட்மிக்ஸரை 1 சதவீதத்திலிருந்து 1.2 ஆக்கி, தண்ணீரைப் பழையபடி 160-க்குக் கொண்டுவந்த பிறகு 50.5 கிடைத்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் போனது. ஆனால் அந்த 46, ராஃப்டில் தெரிய வந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

சைட்_20வருடம்

உங்கள் கணக்கு சரி. ஆனால் கியூப் எடை அதிகம் என்றதும் கல்லைச் சந்தேகப்பட வேண்டாம் சார், முதலில் மோல்டை அளந்து பாருங்கள். பழைய மோல்டு, போல்ட் தளர்ந்தது, பக்கத் தகடு விரிந்து 151 ஆகிவிடும். எங்கள் லேபில் இதே 8.2, 8.3 எல்லாம் வந்தது. மோல்டு மாற்றினோம், சரியாகிவிட்டது.

தரக்கட்டுப்பாடு_ஆள்

நல்ல பாயிண்ட் அண்ணா, மோல்டை அளந்தே ஆக வேண்டும். ஆனால் மூன்று பக்கமும் 151 ஆனாலும் 2 சதவீதம்தான் கூடும், எடை 8.24 வரை போகும். என் கேஸில் 3 சதவீதம். அதற்கு மூன்று பக்கமும் 151.5 ஆக இருந்திருக்க வேண்டும், அதுவும் ஒன்பது மோல்டிலும் ஒரே மாதிரி. விரிந்த மோல்டுகள் அப்படி ஒன்றுபோல இருக்காது, எடைகள் சிதறும். இங்கே 60 கிராமுக்குள் அடங்கியிருந்தன.

புது_இன்ஜினியர்

எனக்கும் ஒரு சப்ளையர் ஏமாற்றியது நடந்தது, அதனால் கேட்கிறேன். அப்ரூவலுக்காக பிளாண்டில் 6 கன மீட்டர் டிரையல் போட்டார்கள். கொடுத்த டிசைன்படி தண்ணீர் 960 லிட்டர் இருக்க வேண்டும். பேட்ச் ஷீட்டில் 780தான். மணல் 4560 இருக்க வேண்டிய இடத்தில் 4740. தண்ணீரைக் குறைத்து ஸ்ட்ரெங்த் காட்டுகிறார்கள், மணலைக் கொட்டி அளவை நிரப்புகிறார்கள் என்று ரிஜெக்ட் எழுதிவிட்டேன். இப்படிப்பட்டவர்களை எப்படிப் பிடிப்பது?

பிளாண்ட்_பக்கம்

தம்பி, அந்த ஷீட்டை இன்னொரு முறை பாருங்கள். தண்ணீரில் குறைந்தது 180. மணலில் கூடியதும் 180. இரண்டும் ஒரே எண்ணாக இருக்கிறதே, அது ஏன்?

மணல் ஈரமாக இருந்திருக்கிறது. 4560-க்கு 4 சதவீதம் போட்டால் சுமார் 182. அவ்வளவு தண்ணீர் மணலோடே வருகிறது. அதனால் மணலை அந்த அளவு கூட்டி எடை போட்டு, குழாய்த் தண்ணீரைக் குறைக்கிறோம். இது செய்யாவிட்டால்தான் தப்பு. நீங்கள் கேட்க வேண்டியது அன்று காலை மணலின் ஈரப்பதம் பார்த்த பதிவு. அது 4 சதவீதத்தை ஒட்டி இருந்தால் ஷீட் நேர்மையானது. ஈரம் 1 சதவீதம் என்று எழுதி, தண்ணீரில் மட்டும் 180 குறைத்திருந்தால் அப்போது சண்டை போடுங்கள், நானே உங்கள் பக்கம் நிற்பேன்.

முதலில் எழுதியவர் சொன்னதற்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். பல இடங்களில் சப்மிட்டலைச் சேர்ப்பது விற்பனைப் பிரிவு. அவர்களிடம் ஒரு தயார் ஃபைல் இருக்கும். குவாரி மாறுவது பிளாண்டுக்குத் தெரியும், ஃபைலுக்குத் தெரியாது. இது நியாயம் என்று சொல்லவில்லை. டிரையல் வார்த்த தேதியையும் ஜல்லி ரிப்போர்ட் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிரையல் முந்தியது, ரிப்போர்ட் பிந்தியது என்றால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

இன்னொன்று, ஸ்லம்ப். கலந்த உடனே பார்த்த ஒரே ரீடிங்கை வைத்து அப்ரூவல் கொடுக்காதீர்கள். லாரி வந்து இறக்க 90 நிமிடம் ஆகும் என்றால் 30, 60, 90 என்று எடுக்கச் சொல்லுங்கள். 180-ல் கிளம்பி 90 நிமிடத்தில் 80-க்கு விழுந்த மிக்ஸ் நான் பார்த்திருக்கிறேன். பம்ப் இழுக்காது. அப்போது யாராவது டிரம்மில் குழாயைத் திறப்பார்கள், அதோடு நீங்கள் அப்ரூவ் செய்த விகிதம் போயிற்று.

புது_இன்ஜினியர்

ஈரப்பதப் பதிவு ஃபைலிலேயே இருக்கிறது, 4.1 என்று. நான் பார்க்கவில்லை. ரிஜெக்ஷனை நாளை திரும்ப எடுக்கிறேன்.

கன்சல்டன்ட்_மேசை

எனக்கு இருக்கும் தலைவலி வேறு. 28 நாள் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. 7 நாள் ரிசல்ட்டை வைத்து நிபந்தனையோடு அப்ரூவல் கொடுக்கிறேன். 28 நாள் ரிசல்ட் டார்கெட்டைத் தொடாவிட்டால் தானாக ரத்து என்று எழுதிவிடுவேன். இதுவரை பிரச்சினை வரவில்லை.

தரக்கட்டுப்பாடு_ஆள்

எனக்கு இது ஒப்பவில்லை. ரத்து என்று எழுதலாம், ஆனால் அதற்குள் மூன்று வாரம் ஊற்றிய கான்கிரீட்டை என்ன செய்வீர்கள்? அதிலும் ஃபிளை ஆஷ் 20 சதவீதம் இருக்கும் மிக்ஸ் 7 நாளில் மெதுவாகத்தான் ஏறும். 7 நாளில் இவ்வளவு வந்தால் 28-ல் இவ்வளவு என்று சொல்ல, அதே பொருட்களில் பழைய ரிசல்ட்டுகள் கையில் இருக்க வேண்டும். என் கேஸில் அந்தப் பழைய ரிசல்ட்டுகளே வேறு கல்லினுடையவை.

கன்சல்டன்ட்_மேசை

பிசிசி, தற்காலிக வேலைகளுக்கு மட்டும்தான் அப்படிக் கொடுக்கிறேன். தூண், ராஃப்டுக்கு இல்லை.

சைட்_20வருடம்

எழுத்தில் அப்படி இருக்கும் சார். சைட்டில் அப்ரூவல் வந்துவிட்டது என்றால் வந்துவிட்டதுதான். எந்த வேலைக்கு என்று யார் பார்க்கிறார்கள்? கிரேடு ஒன்றென்றால் அதே லாரி தூணுக்கும் போகும்.