திருத்திவிட்டால் சொல்ல வேண்டாமா? ஒரு வரிக்கு நடந்த சண்டை

மடல் ஆசிரியர்: எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு மாதாமாதம் எட்டுப் பக்கச் செய்திமடல் போடுகிறேன். இந்த முறை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் பற்றிய கட்டுரைக்கு முதல் வரைவை சாட்ஜிபிடியிடம் வாங்கி, உட்கார்ந்து திருத்தினேன். "நீங்கள்தான் திருத்திவிட்டீர்களே, அப்புறம் எதற்குச் சொல்ல வேண்டும்" என்கிறார் செயலாளர். சொல்வதா வேண்டாமா? சொல்வதென்றால் எங்கே, எப்படி?

பழைய மெய்ப்பாளர்: செயலாளர் சொன்ன அந்த வாக்கியம்தான் எனக்கு எரிச்சலைக் கிளப்புகிறது. இதே வாக்கியத்தை நம்பித்தான் அமெரிக்காவில் சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் மாட்டிக்கொண்டது. 2022 நவம்பரிலிருந்து பணவிஷயக் கட்டுரைகளை இயந்திரத்தை வைத்து எழுதி வெளியிட்டார்கள். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொதுப்பெயர். இயந்திரம் எழுதியது, ஆசிரியர் ஒருவர் நன்றாகத் திருத்திச் சரிபார்த்தார் என்ற குறிப்பு அந்தப் பெயருக்குள் ஒளிந்திருந்தது, அதன்மேல் கர்சரைக் கொண்டுபோனால்தான் தெரியும். 2023 ஜனவரியில் விஷயம் வெளியே வந்ததும் மறுபடி படித்துப் பார்த்தார்கள். 77 கட்டுரைகளில் 41-க்குத் திருத்தம் போட வேண்டியிருந்தது. ஒன்றில், 10,000 டாலரை 3 சதவீத வட்டியில் போட்டால் முதல் ஆண்டில் 10,300 டாலர் சம்பாதிப்பீர்கள் என்று இருந்தது. சம்பாதிப்பது 300 டாலர்தான். "நன்றாகத் திருத்தப்பட்டது" என்ற குறிப்போடு வெளிவந்த கட்டுரை அது. சொல்லத்தான் வேண்டும், தலைப்புக்குக் கீழே முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.

திருச்சிக்காரன்: ஐயா, அவர்கள் குறிப்பு போட்டும் தப்பு வந்தது என்றுதானே நீங்களே சொல்கிறீர்கள்? குறிப்பை மேலே போட்டிருந்தால் மட்டும் 10,300 என்பது 300 ஆகியிருக்குமா? தப்பைத் திருத்தியது திரும்பப் படித்த ஆட்கள். அமேசானே கிண்டில் புத்தகங்களுக்கு, ஏஐ உதவி வாங்கினால் சொல்ல வேண்டியதில்லை என்கிறது. மடல் ஆசிரியர் வாங்கியதும் உதவிதான். கடைசிப் பக்கத்தில் பொதுவாக ஒரு வரி போட்டால் போதும், அதுவே அதிகம்.

பழைய மெய்ப்பாளர்: அமேசான் விதியைப் பாதி படித்திருக்கிறீர்கள். 2023 செப்டம்பரில் வந்த விதி அது. நீங்கள் எழுதியதை இயந்திரம் மெருகேற்றினால் சொல்ல வேண்டாம், சரி. வாசகத்தையே இயந்திரம் எழுதியிருந்தால், அப்புறம் நீங்கள் எவ்வளவு திருத்தினாலும் அமேசானிடம் சொல்லியாக வேண்டும். இங்கே முதல் வரைவே இயந்திரத்துடையது என்று கேட்டவரே எழுதியிருக்கிறார். இன்னொன்று, அது அமேசானிடம் சொல்வது. வாசகரிடம் சொல்வது பற்றி அங்கே பேச்சே இல்லை, அதைக் கொண்டுவந்து இங்கே சாட்சி சொல்ல வைக்காதீர்கள். முதல் வரியில்தான்.

ஆய்வு மாணவன்: இதெல்லாம் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் அண்ணா? என் கதையைக் கேளுங்கள். எம்.ஃபில். ஆய்வேட்டை நானே கையால் எழுதித் தட்டச்சு செய்தேன். என் துறையில் ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்து, பாதி ஏஐ எழுதியது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு மாதம் அலைந்தேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனமே கண்டுபிடிப்பான் ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டது. அதனால் எந்த மென்பொருளையும் நம்பாதீர்கள்.

அஞ்சலகச் சரோஜா: தம்பி, கண்டுபிடிப்பது பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. அவர் தானாகவே சொல்லலாமா என்றுதான் கேட்கிறார். உங்களுக்கு நடந்தது அநியாயம், அதைத் தனி இழையில் எழுதுங்கள், நானும் வந்து எழுதுகிறேன். மடல் ஆசிரியரே, அந்த வரைவில் என்ன தப்பு இருந்தது, எதைத் திருத்தினீர்கள்? நான் சிறுசேமிப்புக் கவுண்டரில் இருந்தவள், அதனால் கேட்கிறேன்.

மடல் ஆசிரியர்: உச்சவரம்பு 15 லட்சம் என்று இருந்தது. அது பழைய கணக்கு, 2023 ஏப்ரலிலிருந்து 30 லட்சம். அதைத் திருத்தினேன். வாக்கியங்கள் நீளமாக இருந்தன, உடைத்தேன். மற்றபடி நன்றாகவே இருந்தது. 8.2 சதவீதத்தில் 30 லட்சம் போட்டால் ஐந்து ஆண்டு முடிவில் ஏறக்குறைய 45 லட்சம் கையில் வரும் என்று ஒரு பட்டியல்கூடப் போட்டிருந்தது, பயனுள்ளது என்று அப்படியே வைத்துக்கொண்டேன்.

அஞ்சலகச் சரோஜா: அந்தப் பட்டியலை முதலில் எடுத்துவிடுங்கள். இந்தத் திட்டத்தில் வட்டி அசலோடு சேராது. காலாண்டுக்கு ஒருமுறை கணக்கில் வந்துவிடும். 30 லட்சத்துக்கு 8.2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 2,46,000, காலாண்டுக்கு 61,500 ரூபாய். எடுக்காமல் விட்டாலும் அந்த வட்டிக்கு வட்டி கிடையாது. ஐந்து ஆண்டில் வந்த வட்டி மொத்தம் 12,30,000, முடிவில் கைக்கு வருவது போட்ட 30 லட்சம்தான். உங்கள் வரைவு காலாண்டுக் கூட்டுவட்டி போட்டு 45 லட்சம் என்று கொண்டுபோயிருக்கிறது. கவுண்டரில் இருந்தபோது இதே குழப்பத்தோடு வந்து, மீதிப் பணம் எங்கே அம்மா என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய மெய்ப்பாளர்: பார்த்தீர்களா! செயலாளர் "திருத்திவிட்டீர்களே" என்றது இந்தக் கட்டுரையைத்தான். தனக்குத் தெரிந்த உச்சவரம்பைத் திருத்தினார், தெரியாத கூட்டுவட்டி அப்படியே தப்பிப் போய்விட்டது. இயந்திர வரைவில் ஆபத்தே இதுதான். மனிதர் எழுதும்போது, தெரியாத இடத்தில் பேனா நிற்கும், கேள்விக்குறி போட்டு வைப்போம். இது தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் எழுதும், பட்டியல் வேறு போட்டுவிடும். முப்பது வருடம் மெய்ப்புப் பார்த்தவன் சொல்கிறேன், வழவழவென்று இருக்கிற பக்கத்தில்தான் கண் வழுக்கும். வாசகருக்கும் அந்த எச்சரிக்கை போய்ச் சேர வேண்டும், அதுவும் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால். அதனால்தான் முதல் வரி என்கிறேன்.

திருச்சிக்காரன்: சரோஜா மேடம் படித்ததால் தப்பு பிடிபட்டது. உங்கள் முதல் வரியால் இல்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்களே! இதை அச்சிட்டு மேலே "சாட்ஜிபிடி" என்று போட்டிருந்தால் சங்கத்தில் பாதிப் பேர் அது என்ன புது வைப்புத் திட்டமா என்று கேட்டிருப்பார்கள், மீதிப் பேர் 45 லட்சத்தை நம்பியிருப்பார்கள்.

கவிமலர்: எனக்கும் சொல்வதில் தயக்கம் உண்டு. 2023 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஒரு கல்லூரி அலுவலகம் மாணவர்களுக்கு ஆறுதல் கடிதம் அனுப்பியது. கடிதத்தின் கடைசியில், சாட்ஜிபிடியிலிருந்து எடுத்து மாற்றி எழுதியது என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு. நேர்மையாகத்தான் சொன்னார்கள். மாணவர்கள் கொதித்துப்போனார்கள், மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் வலித்திருக்காது.

பழைய மெய்ப்பாளர்: கடைசியில் போட்டார்கள், கவனியுங்கள், கடைசியில்! முழுக் கடிதத்தையும் மனிதர் பேசுவதாக நம்பிப் படித்துவிட்டு, அடியில் வந்து அந்த அடைப்புக்குறியைப் பார்த்தால் ஏமாற்றப்பட்டதாகத்தான் தோன்றும். அதே வரி மேலே இருந்திருந்தால், அனுப்புவதற்கு முன்பே அந்த அலுவலகத்தில் யாராவது ஒருவர் கையை இழுத்திருப்பார்.

கவிமலர்: இல்லை ஐயா, மேலே இருந்தாலும் அதே வலிதான். துக்கக் கடிதத்தை இயந்திரத்திடம் கேட்டதுதான் குற்றம். குறிப்பு எங்கே இருந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை. வட்டிக் கணக்கும் இரங்கல் கடிதமும் ஒன்றா? எல்லாவற்றுக்கும் ஒரே விதி என்று நீங்கள் பிடிப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பழைய மெய்ப்பாளர்: குறிப்பு எங்கே இருந்தது என்பதை வாசகர் எப்போதும் பார்ப்பார். சிநெட்டும் கடைசியில் அந்தக் குறிப்பை கர்சர் வைக்காமலே தெரியும்படி மாற்றியது. இடம் முக்கியமில்லை என்றால் எதற்கு மாற்றினார்கள்?

திருச்சிக்காரன்: இடம் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா? இரண்டு வருடம் முன்னால் இதே குழுவின் பொங்கல் மலருக்கு நான் பதினான்கு பக்கம் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். மலரை முடித்தவர் நீங்கள். என் பெயர் எங்கே வந்தது? கடைசி அட்டையின் உள்பக்கத்தில், பொடி எழுத்தில், அச்சகத்தின் தொலைபேசி எண்ணுக்குக் கீழே. மனிதன் செய்த வேலைக்கு கடைசிப் பக்கம், இயந்திரம் செய்ததற்கு முதல் வரியா?

பழைய மெய்ப்பாளர்: அது பக்க வடிவமைப்பாளர் செய்தது, அப்போதே சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் பெயர் மேலே வர வேண்டும் என்பதுதான் என் கட்சியும். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

திருச்சிக்காரன்: இறுதி மெய்ப்பில் கையெழுத்துப் போட்டது வடிவமைப்பாளரா?

அஞ்சலகச் சரோஜா: இருவரும் மலரை விடுங்கள். மடல் ஆசிரியருக்கு என் யோசனை இது. "ஏஐ உதவியுடன் தயாரிக்கப்பட்டது" என்று மட்டும் போட்டால் எழுத்துப்பிழை திருத்தியதா, கட்டுரையையே எழுதியதா என்று ஒன்றும் புரியாது. இப்படிப் போடுங்கள்: "இக்கட்டுரையின் முதல் வரைவு கணினியிடம் கேட்டுப் பெற்றது. வட்டி விகிதம், உச்சவரம்பு, வட்டி தரும் முறை ஆகிய மூன்றையும் அஞ்சலக அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தவர்" என்று எழுதி, பார்த்தவர் பெயர், தேதி. நிஜமாகவே ஒப்பிட்ட பிறகு மட்டும். ஒப்பிடாததை அந்த வரியில் சேர்க்காதீர்கள்.

பழைய மெய்ப்பாளர்: வாசகம் நன்றாக இருக்கிறது. "கணினி" என்பதை மட்டும் எடுங்கள், கணினியில்தான் எல்லாரும் தட்டச்சு செய்கிறோம். சாட்ஜிபிடி என்று பெயரைச் சொல்லுங்கள். தலைப்புக்குக் கீழே, முதல் வரியாக.

அஞ்சலகச் சரோஜா: எங்கள் வயசுக்காரர்களுக்குக் கணினி என்றால்தான் புரியும் சார். மேலேயா கீழேயா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, பட்டியலுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது.

ஆய்வு மாணவன்: அப்படிப் போட்டால் அடுத்த மாதம் அவர் கையால் எழுதுகிற கட்டுரையையும் இயந்திரம் எழுதியது என்பார்கள். என் ஆய்வேட்டுக்கு அதுதான் நடந்தது.

மடல் ஆசிரியர்: பட்டியலை எடுத்துவிட்டேன், 61,500 கணக்கைப் போட்டிருக்கிறேன், சரோஜா அம்மாவுக்கு நன்றி. செயலாளர் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார், உறுப்பினர்கள் மடலையே நம்ப மாட்டார்களாம். நாளைக் காலை பத்து மணிக்கு அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஐந்தாம் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே இடமில்லை, சங்கத் தலைவரின் படம் இருக்கிறது.

பழைய மெய்ப்பாளர்: படத்தைச் சிறிதாக்குங்கள்.

திருச்சிக்காரன்: கடைசிப் பக்கத்தில் இடம் இருக்கும். எனக்குத் தெரியும், அங்கே எப்போதும் இடம் இருக்கும்.