விரலைப் பிடித்து அழுத்தி ஃபோனைத் திறக்கிறார்கள்: கைரேகையை உடனே முடக்க வழி உண்டா?

மாலைவெயில்:
வீட்டில் ஒருவர் என் கட்டை விரலைப் பிடித்து ஃபோனில் அழுத்தித் திறந்துவிட்டார். இரண்டு முறை நடந்துவிட்டது. ஒரு முறை நான் தூக்கத்தில் இருந்தேன். பின் எண் அவருக்குத் தெரியாது. இன்னும் சில மாதம் அதே வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

கைரேகையை மொத்தமாக எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். வெளியில் பேருந்திலும் வரிசையிலும் பின் எண் போட்டால் பக்கத்தில் நிற்பவர் பார்த்துவிடுவார், அதனால்தான் கைரேகை வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டியது, ஆள் பக்கத்தில் வருகிறார் என்று தெரிந்த இரண்டு மூன்று விநாடியில் விரலும் முகமும் வேலை செய்யாமல் போக ஒரு வழி. ஃபோன் சாம்சங், ஆண்ட்ராய்டு 14.

எட்டாம்படி:
ரொம்பச் சுலபம். பக்கவாட்டு பட்டனை ஐந்து தடவை வேகமாகத் தட்டுங்கள், கைரேகை போய்விடும். நான் தினமும் செய்கிறேன்.

காய்ந்தவிரல்:
எனக்கும் இதே பிரச்சினைதான். கை காய்ந்துபோனால் ரேகையை எடுக்கவே மாட்டேன் என்கிறது. ஒரே விரலை இரண்டு தடவை பதிந்து வைத்தால் சரியாகிறது, செய்து பாருங்கள்.

மாலைவெயில்:
@காய்ந்தவிரல் எனக்கு அது நன்றாகவே எடுக்கிறது. அதுதான் தொல்லையே.

சாவிக்கொத்து:
எட்டாம்படி சொன்னதை உங்கள் ஃபோனில் செய்ய வேண்டாம். அவரிடம் இருப்பது ஐஃபோன் என்று நினைக்கிறேன். ஆண்ட்ராய்டில் ஐந்து தட்டு என்பது அவசர அழைப்புக்கானது. அந்த அமைப்பு இயக்கத்தில் இருந்தால் சத்தத்தோடு எண்ணிக்கை ஓடி அழைப்பு போகும். கைரேகை அப்படியே இருக்கும்.

உங்களுக்கு வேண்டியதன் பெயர் Lockdown. ஆண்ட்ராய்டு 9-இலிருந்து இருக்கிறது, ஆனால் சாம்சங்கில் நாமாகப் போய் இயக்க வேண்டும். அமைப்புகளில் Lock screen என்று தொடங்கும் பகுதிக்குள் Secure lock settings இருக்கும். பின் எண் கேட்கும், போட்டதும் Show Lockdown option தெரியும். அதை இயக்குங்கள். இனி பவர் மெனுவில் அணை, மறுதொடக்கம் ஆகியவற்றோடு Lockdown-உம் வரும். அதைத் தொட்ட நொடியே திரை பூட்டிக்கொள்ளும். கைரேகை, முகம், நம்பகமான இடத்தில் தானாகத் திறந்திருப்பது எதுவும் செல்லாது. பூட்டுத் திரையில் அறிவிப்புகளும் காட்டாது.

இதைச் சோதிக்கும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். Lockdown போடுகிறார்கள், விரல் வைத்துப் பார்க்கிறார்கள், எடுக்கவில்லை என்றதும் திருப்தியாகப் பின் எண் போட்டு உள்ளே போய்விட்டு ஃபோனைப் பைக்குள் வைக்கிறார்கள். பின் எண் போட்டவுடன் கைரேகை திரும்ப உயிர் பெற்றுவிடும். ஒரு Lockdown ஒரு தடவைக்குத்தான். தூங்கப் போகும் முன் போட்டால், நடுவில் மணி பார்க்கத் திறந்தீர்களா, மறுபடி போட வேண்டும்.

மாலைவெயில்:
இயக்கிவிட்டேன், நன்றி அண்ணா. ஆனால் பக்கவாட்டு பட்டனை அழுத்திப் பிடித்தால் பவர் மெனு வரவில்லை, குரல் உதவி வந்து "சொல்லுங்கள்" என்று நிற்கிறது. அவர் எதிரில் அது வந்தால் அவ்வளவுதான்.

சாவிக்கொத்து:
அந்த பட்டனோடு ஒலி குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள், மெனு வரும். சட்டென்று விட்டுவிட்டால் ஸ்கிரீன்ஷாட்தான் எடுக்கும், ஒரு கணம் பொறுக்க வேண்டும். இல்லையென்றால் பக்கவாட்டு பட்டனுக்கான அமைப்பில் நீண்ட அழுத்தத்தைப் பவர் மெனுவுக்கு மாற்றிவிடுங்கள்.

ஆனால் இந்த வழிக்குத் திரையைப் பார்த்துத் தொட்டாக வேண்டும். ஃபோன் பைக்குள் இருக்கும்போது என்ன செய்வீர்கள்? அதே இரண்டு பட்டன்களை விடாமல் பிடித்துக்கொண்டே இருங்கள். ஏழு விநாடி தாண்டினால் சாம்சங் ஃபோன் கட்டாய மறுதொடக்கத்துக்குப் போகும். திரையைப் பார்க்கவே வேண்டாம், அதிர்வு வந்ததும் விடலாம். மறுதொடக்கம் ஆன எந்த ஃபோனும் முதல் தடவை பின் எண் இல்லாமல் திறக்காது.

பாதுகாப்பிலும் இது Lockdown-ஐவிட ஒரு படி மேல். Lockdown-இல் விரலுக்கும் முகத்துக்கும் மட்டும்தான் கதவு சாத்தியிருக்கும், தரவைத் திறக்கும் சாவி நினைவகத்திலேயே இருக்கும். மறுதொடக்கம் ஆனால் அந்தச் சாவியும் போய்விடும். வீட்டு ஆள் விஷயத்தில் இந்த வித்தியாசம் பெரிதில்லை. ஃபோனைக் கருவி வைத்து உடைப்பவர்களிடம் சிக்கினால்தான் பெரிது.

இதற்கும் ஒரு விலை உண்டு. மறுதொடக்கம் ஆகிப் பின் எண் போடும்வரை, அழைப்பு வந்தால் பெயர் காட்டாமல் எண் மட்டும் வரும். யாரோ ஒருவரின் அழைப்புக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால் Lockdown போதும்.

எட்டாம்படி:
ஆமாம், என்னுடையது ஐஃபோன்தான், சொல்ல மறந்துவிட்டேன். சரி, ஆண்ட்ராய்டுக்கு இன்னொரு வழி. பதியாத விரலை ஐந்து தடவை வையுங்கள், பின் எண் கேட்கும்.

சாவிக்கொத்து:
பாதி சரி. ஐஃபோனில் ஐந்து தோல்விக்குப் பிறகு கடவு எண் போட்டே ஆக வேண்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டில் ஐந்து தோல்விக்கு 30 விநாடி ஓய்வு மட்டும்தான், அப்புறம் மறுபடி விரலைக் கேட்கும். கையைப் பிடித்திருப்பவர் 30 விநாடி காத்திருக்க மாட்டாரா?

ஐஃபோனில் ஐந்து தட்டைவிட நல்லது, பக்கவாட்டு பட்டனையும் ஏதாவது ஓர் ஒலி பட்டனையும் இரண்டு விநாடி சேர்த்துப் பிடிப்பது. அணைக்கும் பட்டை திரையில் வந்த கணமே முகமும் விரலும் முடங்கும், பைக்குள் இருந்தாலும் அதிர்வு தெரியும். அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். மேலும் பிடித்தால், Call with Hold and Release இயக்கத்தில் இருக்கும் ஃபோனில் அவசர அழைப்புக்கான எண்ணிக்கை தொடங்கிவிடும்.

கடைசிப்படகு:
எல்லாம் சரி, ஆனால் எனக்கு ஒரு நெருடல். அவர் கண் எதிரில் பூட்டினால் கோபம் பின் எண் பக்கம் திரும்பாதா? "எண்ணைச் சொல்" என்று மிரட்டினால் இந்தப் பட்டன் எதுவும் உதவாது. என் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் ஆனது, கடைசியில் அவளே திறந்து கொடுத்துவிட்டாள்.

சாவிக்கொத்து:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று மாலைவெயிலுக்குத்தான் தெரியும். என் பழக்கம், எதிரில் பூட்டாமல் முன்கூட்டியே பூட்டி வைப்பது. வீட்டு வாசலுக்கு வரும்போதே Lockdown, தூங்கும் முன் மறுபடி. உள்ளே பின் எண்தான், வெளியே வந்தால் விரல். கேட்டால் "தானாகவே எண் கேட்கிறது" என்று சொல்லிவிடலாம், அது பொய்யுமில்லை. எல்லா ஃபோனும் அவ்வப்போது கேட்கத்தான் செய்கிறது.

மாலைவெயில், இன்னொன்று. அவர் இரண்டு முறை உள்ளே போயிருக்கிறார். கைரேகைப் பட்டியலைத் திறந்து, நீங்கள் பதிந்த எண்ணிக்கைதான் இருக்கிறதா என்று பாருங்கள். புது விரல் சேர்க்கப் பின் எண் கேட்கும், அதனால் சேர்த்திருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் பாருங்கள்.

மாலைவெயில்:
பார்த்தேன், என்னுடைய இரண்டு விரல்தான். இன்று பத்துத் தடவை பழகினேன். மெனு வழி பார்த்துச் செய்தால் மூன்று விநாடிக்குள் முடிகிறது. பைக்குள் பிடித்த முறையில் முதல் இரண்டு தடவை பாதியிலேயே விட்டுவிட்டேன், மெனு மட்டும் திறந்து கிடந்தது. அப்புறம் ஒன்று முதல் பத்துவரை மனதுக்குள் எண்ணினேன், சரியாக வந்தது. வாசலிலேயே பூட்டுவது எனக்கு ஒத்துவரும் போலிருக்கிறது.

ஒன்று கேட்க மறந்தேன். வீட்டில் ஒரு பழைய டேப்லெட் இருக்கிறது. அதிலும் என் கணக்குதான், பூட்டே கிடையாது.

சாவிக்கொத்து:
அப்படியானால் முதல் வேலை அதுதான். ஃபோனில் கணக்கு அமைப்பைத் திறந்து சாதனங்களின் பட்டியலுக்குப் போங்கள், அங்கிருந்தே டேப்லெட்டை வெளியேற்றலாம். ஆனால் வெளியேற்றியதும் அதைத் திறப்பவருக்குத் தெரிந்துவிடும். அதை எப்போது செய்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.