லாக் 2:22-க்கு நிற்கிறது, ஆள் மூன்று மணி வரை ஓடியது என்கிறான்

பாமணி:
மன்னார்குடிப் பக்கம் ஒரு தனியார் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். சம்பா அறுவடை நேரம், நெல் வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. நேற்று மதியம் வே பிரிட்ஜ் புரோகிராம் தானாக மூடிக்கொண்டது. லினக்ஸ் கம்ப்யூட்டர், சி-யில் எழுதியது. லாக் இப்படி அறுந்து நிற்கிறது:

```
14:22:07 BR1 token=47 GROSS kg=6840
14:22:09 BR1 token=47 SAVE ok
14:22:10 BR1 token=47 PRI
```

எடை போடும் தம்பி மூன்று மணி வரை ஓடியது என்கிறான். முதலாளி இந்த லாக்கைக் காட்டி, "2:22-க்கே நின்றுவிட்டது, மிச்ச வண்டிக்கெல்லாம் இவனே எடை எழுதிக் காசு பார்த்திருக்கிறான்" என்கிறார். கடைசி முழு வரியை வைத்து யார் சொல்வது சரி என்று சொல்ல முடியுமா?

குடமுருட்டி:
இதில் என்ன குழப்பம்? SAVE முடிந்திருக்கிறது, PRINT என்று எழுத ஆரம்பித்தபோதே செத்திருக்கிறது. அதனால்தான் வார்த்தை பாதியில் நிற்கிறது. பிரின்டர்தான் காரணம், 47-வது டோக்கனில் முடிந்தது கதை. தம்பியைக் கூப்பிட்டு நிதானமாக விசாரியுங்கள். நான் எட்டு வருடம் சப்போர்ட் வேலை பார்த்தவன். ஆள் மாற்றிச் சொல்லலாம், லாக் சொல்லாது.

வேதாரண்யம் இறால்:
எங்கள் பண்ணையிலும் இதே கூத்து. குளத்தில் ஆக்ஸிஜன் அளவு பதியும் பெட்டி ஒன்று வைத்திருந்தோம். கரண்ட் போய் வந்ததும் பார்த்தால் லாக்கின் கடைசியில் ^@^@^@ என்று வரிசையாக நிற்கும், அதற்கு முந்தைய சில வினாடிக் கணக்கையே காணோம். யுபிஎஸ் பேட்டரியை மாற்றினோம், சரியாகிவிட்டது. நீங்களும் முதலில் பேட்டரியைப் பாருங்கள் பாமணி.

அரசலாறு:
பாமணி, நான்கு விஷயம் வேண்டும். லாக் ஃபைலின் சைஸ் பைட் கணக்கில் எவ்வளவு? புரோகிராமை எந்தக் கட்டளையால் துவக்குகிறீர்கள்? கம்ப்யூட்டர் நேற்று அணைந்து எழுந்ததா? 47-க்கு அப்புறம் அடித்த சீட்டுகளின் கார்பன் நகல் இருக்கிறதா? இதெல்லாம் தெரியாமல் அந்தத் தம்பியின் மேல் யாரும் கை நீட்ட வேண்டாம்.

பாமணி:
சைஸ் 8192. தினமும் காலையில் புது ஃபைல். நேற்று ஒரே ஒரு தடவைதான் துவக்கினோம். ஸ்கிரிப்டில் இருப்பது:

```
./edai >> edai-$(date +%m%d).log
```

கம்ப்யூட்டர் அணையவில்லை, `uptime` ஆறு நாள் என்கிறது. நகல் கட்டைப் பிரித்துப் பார்த்தேன் அண்ணே. டோக்கன் 55 வரை சீட்டு இருக்கிறது. கடைசிச் சீட்டில் நேரம் 14:56. ஆனால் முதலாளி, "அவனே தனியாக டைப் செய்து அடித்திருப்பான்" என்கிறார்.

அரசலாறு:
8192 என்றால் சரியாக இரண்டு 4096. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்த எண்ணிலேயே இருக்கிறது.

சி-யில் `printf` போட்டவுடன் எழுத்து ஃபைலுக்குப் போய்விடாது. திரையில் காட்டும்போது வரிக்கு வரி வெளியே போகும். அதையே `>>` போட்டு ஃபைலுக்குத் திருப்பினால், நினைவகத்தில் ஒரு தொட்டி நிரம்பும் வரை காத்திருக்கும். உங்கள் மாதிரி கம்ப்யூட்டரில் அந்தத் தொட்டி பெரும்பாலும் 4096 பைட். நிரம்பியதும் மொத்தமாக ஃபைலில் கொட்டும். வரி முடிந்ததா, வார்த்தை முடிந்ததா என்று அது பார்க்காது. அதனால் "PRI" என்று அறுந்தது புரோகிராம் செத்த இடம் அல்ல. இரண்டாவது தொட்டி நிரம்பிய இடம். அடுத்த எழுத்திலிருந்து மூன்றாவது தொட்டி ஆரம்பித்திருக்கும். புரோகிராம் விழுந்தபோது அதில் இருந்ததெல்லாம் கொட்டப்படாமலே போய்விட்டது.

எவ்வளவு போயிருக்கும் என்றும் கணக்குப் போடலாம். உங்கள் வரி ஒன்று சுமார் 35 எழுத்து. ஒரு தொட்டிக்கு 117 வரி வரும். ஒரு வண்டிக்கு எத்தனை வரி எழுதுகிறது?

பாமணி:
ஐந்து வரி அண்ணே. வந்தது, எடை, சேமிப்பு, பிரின்ட், முடிந்தது.

அரசலாறு:
அப்படியானால் தொட்டி முழுதும் நிரம்ப 23 வண்டி ஆகும். 47-க்கும் 55-க்கும் இடையில் எட்டே வண்டி, 40 வரி, ஏறக்குறைய 1400 பைட். மூன்றாவது தொட்டி பாதிகூட நிரம்பவில்லை, அதனால் ஃபைலுக்கு ஒரு எழுத்தும் வரவில்லை. தம்பி சொல்வது இந்தக் கணக்கோடு இடிக்காமல் பொருந்துகிறது.

குடமுருட்டி:
பொருந்துகிறது என்பது வேறு, நிரூபணம் வேறு. சைஸ் 4096-ன் மடங்காக வந்தது தற்செயலாகவும் இருக்கலாமே. பாமணி, `ls -l` போட்டு அந்த ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தைப் பாருங்கள். அது 14:22 என்று காட்டினால் என்ன சொல்வீர்கள்?

பாமணி:
பார்த்துவிட்டேன். 14:22 என்றுதான் காட்டுகிறது. எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அரசலாறு:
சந்தேகமே வேண்டாம். அந்த நேரம் புரோகிராம் எப்போது செத்தது என்பதைக் காட்டாது, ஃபைலில் கடைசியாக எப்போது கொட்டியது என்பதைத்தான் காட்டும். இரண்டாவது தொட்டி நிரம்பியது 14:22:10-ல். அந்த வினாடியில் கொட்டியது, அந்த வினாடி பதிந்தது. அப்புறம் முப்பது நிமிடம் ஓடியிருந்தாலும் அது மாறாது. மூன்று மணி வரை ஓடியிருந்தாலும் 14:22 தான், 2:22-க்கே செத்திருந்தாலும் 14:22 தான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி வரும் எண் யாருக்கும் சாட்சி ஆகாது.

தற்செயல் என்பதையும் எடுத்துக்கொள்கிறேன். சைஸ் இப்படி முழு மடங்காக வர 4096-ல் ஒரு வாய்ப்பு உண்டு, அதோடு வரியும் பாதியில் அறுந்திருக்கிறது. ஆனாலும் குடமுருட்டி கேட்ட மாதிரி வெளிச்சாட்சி ஒன்று இருந்தால்தான் முதலாளி வாயை மூடுவார். சி புரோகிராம் இப்படித் தானாக மூடிக்கொண்டால் பெரும்பாலும் கெர்னல் தன் குறிப்பில் ஒரு வரி எழுதும், அதில் நேரமும் இருக்கும். அந்தக் குறிப்பை எடை போடும் தம்பியால் தொட முடியாது, புரோகிராமின் தொட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நேற்றைய குறிப்பை எடுங்கள்:

```
journalctl -k --since yesterday | grep edai
```

வேதாரண்யம் இறால்:
அப்படியானால் எங்கள் பெட்டியிலும் தொட்டிதான் பிரச்சினையா? பேட்டரி மாற்றியதில் சரியானது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரசலாறு:
உங்களுடையது வேறு, நீங்கள் பேட்டரி மாற்றியது சரிதான். புரோகிராம் மட்டும் விழுந்தால், தொட்டியிலிருந்து கொட்டியது கெர்னல் கையில் பத்திரமாக இருக்கும். கரண்டே போனால் கெர்னல் கையில் இருந்து இன்னும் டிஸ்க்குக்குப் போகாததும் சேர்ந்து போகும். சைஸ் மட்டும் பதிந்து உள்ளடக்கம் பதியாமல் போன இடத்தில்தான் அந்த ^@ வரும். பாமணியின் ஃபைலில் அது இல்லை, கம்ப்யூட்டரும் அணையவில்லை. அதனால் அந்த வழியை இங்கே விட்டுவிடலாம்.

பாமணி:
கிடைத்தது! நீளமான எண்களை விட்டுவிட்டுப் போடுகிறேன்:

```
14:58:41 kernel: edai[2314]: segfault at 0 ip ... error 4 in edai[...]
```

14:58:41. கடைசிச் சீட்டு 14:56. முதலாளியிடம் இதைக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்தார், "சரி, அவனை வேலைக்கு வரச்சொல்" என்றார். தம்பி அலுவலக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

குடமுருட்டி:
நேரத்தைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். தம்பியை விசாரியுங்கள் என்று நான் சொன்னது தப்பு. ஆனால் பிரின்டர் என்று சொன்னதை விடமாட்டேன். 55-க்குச் சீட்டு இருக்கிறது, 56-க்கு இல்லை. அப்படியென்றால் 56-ன் சீட்டை அடிக்கப் போனபோது விழுந்திருக்கலாம் அல்லவா?

அரசலாறு:
விழுந்திருக்கலாம். 56-வது வண்டி மேடையில் ஏறியதும் விழுந்திருக்கலாம். வண்டியே வராமல் சும்மா இருந்தபோதும் விழுந்திருக்கலாம். "at 0" என்பதும் "error 4" என்பதும், எதையும் காட்டாத ஒரு முகவரியிலிருந்து படிக்கப் போய் விழுந்தது என்று மட்டும் சொல்கின்றன. "in edai" என்றால் விழுந்த இடம் புரோகிராமின் சொந்தக் கோடு. ஆனால் சீட்டு அடிக்கும் பகுதியும் அதற்குள்தானே இருக்கிறது. பாமணி, 56-வது வண்டி மேடையில் இருந்ததா என்று தம்பியைக் கேளுங்கள்.

பாமணி:
கேட்டேன். ஒரு டிராக்டர் ஏறி நின்றது, எடை திரையில் வந்ததா என்பது நினைவில்லை என்கிறான். சோர்ஸ் கோடு எங்களிடம் இல்லை. எழுதிக் கொடுத்தவர் வெளிநாட்டில் இருக்கிறார். இனி என்ன செய்யட்டும்?

அரசலாறு:
ஸ்கிரிப்டை இப்படி மாற்றுங்கள்:

```
ulimit -c unlimited
stdbuf -oL ./edai >> edai-$(date +%m%d).log
```

`stdbuf -oL` போட்டால் ஒவ்வொரு வரியும் முடிந்தவுடன் வெளியே போகும். புரோகிராம் தனக்கென்று தொட்டி ஏற்பாடு எதையும் வைத்திருந்தால் இது பலிக்காது. அதனால் நாளைக் காலை முதல் வண்டி போனதும் ஃபைலில் ஐந்து வரியும் வந்துவிட்டனவா என்று பாருங்கள். ஸ்கிரிப்டின் `ulimit` வரி, புரோகிராம் விழும்போது அதன் நினைவகத்தை அப்படியே ஒரு கோர் ஃபைலாக எழுதி வைக்கச் சொல்கிறது. அது எங்கே போய் விழும் என்பது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும், `coredumpctl` இருந்தால் அதில் தேடுங்கள். கோர் கிடைத்தால், கொட்டப்படாத வரிகள்கூட அதற்குள் இருக்கும். `strings core | grep BR1` போட்டாலே வெளியே வந்துவிடும். நேற்று கோர் இருந்திருந்தால் 48 முதல் 55 வரை லாக்கிலிருந்தே படித்திருக்கலாம்.

குடமுருட்டி:
வரிக்கு வரி எழுதினால் புரோகிராம் மெதுவாகிவிடாதா? எங்கள் ஆபீஸில் அதைச் செய்யவே விடமாட்டார்கள்.

அரசலாறு:
வினாடிக்கு ஆயிரக்கணக்கில் வரி எழுதும் இடத்தில் அந்தப் பயம் நியாயம். ஐந்து நிமிடத்துக்கு ஐந்து வரி எழுதும் இடத்தில் தெரியவே தெரியாது.

பாமணி:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். இன்று 11:40-க்கு மறுபடியும் விழுந்தது. லாக் இந்தத் தடவை முழு வரியில் நிற்கிறது, சைஸ் 5391:

```
11:40:16 BR1 token=31 SAVE ok
```

கெர்னல் வரி 11:40:16. இதுவும் "segfault at 0". தம்பி பக்கத்திலேயே இருந்தான், சீட்டு வரவில்லை என்கிறான்.

குடமுருட்டி:
நான் சொன்னேனா? SAVE-க்கு அடுத்தது PRINT.

அரசலாறு:
இந்தத் தடவை உங்கள் பக்கம் பலம் அதிகம். SAVE முடிந்தது, PRINT என்ற வரியை எழுதும் இடத்துக்கு வரவில்லை, இரண்டும் ஒரே வினாடிக்குள். ஆனால் அந்த இடைவெளியில் லாக் எழுதாமல் என்னென்ன வேலை நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. எடையைப் படிப்பதற்குத் தனி திரெட் ஓடினால், விழுந்தது அதுவாகவும் இருக்கலாம். SAVE வரி அதைப் பற்றிப் பேசாது. பாமணி, கோர் கிடைத்ததா?

பாமணி:
கிடைத்தது அண்ணே, பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன். எழுதிக் கொடுத்தவருக்கு இன்று இரவு அனுப்புகிறேன். அதுவரை தம்பி ஒவ்வொரு டோக்கனையும் நோட்டில் நேரத்தோடு எழுதி வைக்கிறான்.