கலைச்சொல் உதவி: ஸ்லைடிங் விண்டோவுக்கு என்ன சொல்லலாம்?

காரைக்குடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். கழனிவாசல் பக்கம் வார இறுதியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நேர்காணல் கோடிங் சொல்லிக்கொடுக்கிறேன். நிறையப் பேர் விடைகளை அப்படியே உருப்போட்டுக்கொண்டு வருகிறார்கள். கணக்கில் ஒரு சொல்லை மாற்றினால் கை நின்றுவிடுகிறது. அதனால் வகை வகையாகப் பிரித்துத் தமிழிலேயே குறிப்பு எழுதுகிறேன். ஸ்லைடிங் விண்டோவில் வந்து மாட்டிக்கொண்டேன்.

சொல் தேடுமுன் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். 4, 2, 1, 6, 3, 5 என்று ஒரு வரிசை. அடுத்தடுத்து இருக்கும் எண்களைக் கூட்டி 9 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். அப்படி வரும் துண்டுகளில் மிகக் குட்டையானது எது?

```python
a, t = [4, 2, 1, 6, 3, 5], 9
l = s = 0
best = len(a) + 1
for r in range(len(a)):
    s += a[r]
    while s >= t:
        best = min(best, r - l + 1)
        s -= a[l]
        l += 1
```

வலது முனை 4, 2, 1 என்று சேர்த்துக்கொண்டு போகிறது. 6-ஐச் சேர்த்ததும் கூட்டுத்தொகை 13, நீளம் 4. இனி இடது முனையின் முறை. 4-ஐ விட்டால் 9, நீளம் 3. 2-ஐயும் விட்டால் 7, போதவில்லை, நிற்கிறது. வலதில் 3 சேர்ந்தால் 10. இடதில் 1-ஐ விட்டால் 6, 3 மட்டும் மிஞ்சி 9 வருகிறது. நீளம் 2. கடைசி 5-ஐச் சேர்க்கும்போது இதைவிடக் குட்டையாக எதுவும் வரவில்லை.

‘நகரும் சாளரம்’ என்று எழுதினேன். ஒரு பையன், “சார், நகரும்போது அது நீளவும் சுருங்கவும் செய்கிறதே, அது பெயரில் இல்லையே” என்கிறான். நியாயம்தான். என்ன சொல்லலாம்?

தேவகோட்டையிலிருந்து:

இதற்கெல்லாம் புதுச் சொல் எதற்கு? இரண்டு சுட்டிகள்தானே ஓடுகின்றன. ‘இருசுட்டி முறை’ என்று முன்பே வைத்திருக்கிறோம். எண்களை ஏறுவரிசையில் அடுக்கிவிட்டு இரண்டு முனையிலிருந்தும் வந்தால் முடிந்தது. அதோடு ஒரு சந்தேகம்: for-க்குள் while இருக்கிறது. எண்கள் n என்றால், எனக்கு இது n² வேலையாகத்தான் தெரிகிறது.

காரைக்குடியிலிருந்து:

சுட்டி இரண்டு என்பது சரி. ஆனால் அடுக்கிவிட்டால் கணக்கே போய்விடும் சார். மேலே உள்ளதை அடுக்கினால் 1, 2, 3, 4, 5, 6. கடைசி இரண்டைக் கூட்டி 11 என்று காட்டுவீர்கள். ஆனால் 5-ம் 6-ம் மூல வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. நீங்கள் சொல்வது, கூட்டினால் இவ்வளவு வரும் ஒரு ஜோடியைத் தேடும் கணக்கு. அங்கே இருப்பிடம் முக்கியமில்லை, அடுக்கலாம். இங்கே கேள்வியே தொடர்ச்சியைப் பற்றியது. பிள்ளைகளும் இந்த இரண்டையும்தான் குழப்பிக்கொள்கிறார்கள். தனிச்சொல் கேட்பதே அதனால்தான்.

while பற்றி: `l` ஒருபோதும் பின்னால் வருவதில்லை. வலது முனை மொத்தம் n தடவை நகரும், இடது முனை அதிகபட்சம் n தடவை. ஆக 2n. வரிசையில் ஒரு லட்சம் எண்கள் இருந்தால் இரண்டு லட்சம் நகர்வுக்குள் வேலை முடியும். எல்லாத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஏறக்குறைய 500 கோடி.

பள்ளத்தூரிலிருந்து:

தம்பி, எனக்குக் கணினி தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். முதலில் வீட்டுச் சன்னலைப் பற்றி ஏதோ கேட்கிறீர்கள் என்றுதான் படித்தேன். எங்கள் வீட்டுத் தேக்குச் சன்னலை நாலு ஆள் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது!

‘நகரும் சாளரம்’ என்பதைச் சுருக்கி ‘நகர்சாளரம்’ என்று வினைத்தொகையாக்கலாம். ஊறுகாய், சுடுசோறு மாதிரி. ஆனால் இதை நகரத்துச் சாளரம் என்றும் ஒருவர் படிக்கக்கூடும். அதற்குப் பயந்து ‘ஊர்சாளரம்’ என்று போட்டால், அதுவும் ஊராகிவிடுகிறது. தப்பிக்க ஒரு வழி உண்டு: வினைத்தொகையில் ஒற்று மிகாது. ஊரின் சாளரம் என்றால் ஊர்க்காவல், நகர்ப்புறம் போல ‘ச்’ வந்தாக வேண்டும். ஒற்றில்லாமல் எழுதினால் நகர்கிற சாளரம்தான். எழுத்தில் தெளிவு, பேச்சில் கொஞ்சம் சிக்கல்.

இடதும் வலதும் மாறி மாறிப் போகிறது என்றால் அது புழு நடப்பது மாதிரி இல்லையா? முன்பக்கம் நீட்டும், அப்புறம் பின்பக்கத்தை இழுத்துக்கொள்ளும். ‘புழுநடை’ என்று வையுங்களேன்.

புதுவயலிலிருந்து:

நான் நெட்வொர்க் ஆள். இணையத்தில் தரவு அனுப்பும் டிசிபி நெறிமுறையில் எங்களுக்கு ஸ்லைடிங் விண்டோ பல காலமாக இருக்கிறது. ஒப்புகை வந்தால் இடது விளிம்பு நகரும். பெறுபவர் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அறிவிப்பதைப் பொறுத்து வலது விளிம்பு நகரும். இங்கேயும் நீளம் மாறத்தான் செய்கிறது. நீங்கள் புழு என்று வைத்தால், ஒரே ஆங்கிலப் பெயருக்கு இரண்டு தமிழ்ப் பெயர் ஆகிவிடும். எனக்கு உடன்பாடில்லை.

கானாடுகாத்தான், இப்போது பெங்களூரு:

பெயர் எதுவானாலும் சரி, எது செல்லாது என்பதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள் சார். ஒரு நிறுவனத்தில் இதே கணக்கைக் கேட்டார்கள். பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். “எண்களில் குறையெண்ணும் வரலாம் என்றால்?” என்றார். ஒன்றும் மாறாது என்றேன். ‘நன்றி, பிறகு சொல்கிறோம்’தான். அவர் கொடுத்த வரிசை இன்னும் நினைவிருக்கிறது: 8, −4, 10. இலக்கு 10.

காரைக்குடியிலிருந்து:

அருமையான எடுத்துக்காட்டு. மேலே உள்ள நிரலில் ஓட்டிப் பார்ப்போம். 8, பிறகு 4, பிறகு 14. இலக்கைத் தாண்டியாயிற்று, நீளம் 3. இடதில் 8-ஐ விட்டால் 6. போதவில்லை என்று நின்றுவிடுகிறது. விடை 3 என்கிறது. கடைசி 10 தனியாகவே போதும், சரியான விடை 1. இடது முனையில் −4 உட்கார்ந்திருக்கிறது. அதை விட்டால் தொகை குறையாமல் கூடும். நிரலுக்கு அது தெரியாது. விட்டால் குறையும், சேர்த்தால் கூடும் என்று நம்பித்தான் அது நிற்கிறது.

ஆகவே பிள்ளைகளிடம் நான் கேட்கச் சொல்வது இதுதான்: இடதில் ஒன்றை விட்டால் நான் பார்க்கும் அளவு ஒரே திசையில்தான் போகுமா? எல்லாம் நேரெண் என்றால் கூட்டுத்தொகை அப்படித்தான். ஒரு துண்டில் எத்தனை வெவ்வேறு எழுத்துகள் என்ற எண்ணிக்கையும் அப்படித்தான். விட்டால் ஏறவே ஏறாது. குறையெண் வந்தால் போச்சு. அப்போது முதலிலிருந்து சேர்த்துவந்த கூட்டுத்தொகைகளை வைத்துக்கொண்டு வேறு வழியில் போக வேண்டும். குட்டையான துண்டைக் கேட்டால், இரண்டு முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் முடிகிற டெக் என்ற வரிசையும் வேண்டும். அது தனிப் பாடம்.

ஆச்சி சொன்ன புழுநடை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்திலும் கேட்டர்பில்லர் முறை என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் நீளம் மாறாத வகையும் உண்டே. எந்த மூன்று நாள் விற்பனை அதிகம் என்று பார்க்கும்போது ஒன்று சேர, ஒன்று விடும். புழு நீள்வதே இல்லை.

தேவகோட்டையிலிருந்து:

அப்படியானால் நீளம் மாறாததற்கு நகர்சாளரம், மாறுவதற்குப் புழுநடை. அடுக்குவது பற்றி நான் சொன்னது இந்தக் கணக்குக்குப் பொருந்தாது, சரி. 2n கணக்கும் புரிந்தது.

புதுவயலிலிருந்து:

நேர்காணலில் கேள்வி ஆங்கிலத்தில்தான் வரும். பையன் மனதில் இரண்டு பெயர் இருந்தால் ஆங்கிலப் பெயரைக் கேட்டதும் எதை எடுப்பான்? நகர்சாளரம் ஒன்றையே வைத்து, முன்னால் ‘நிலைநீள’, ‘மாறுநீள’ என்று சேர்த்தால் போதும்.

பள்ளத்தூரிலிருந்து:

‘மாறுநீள நகர்சாளரம்’ என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் தம்பி.

காரைக்குடியிலிருந்து:

சொல்லிப் பார்த்தேன் ஆச்சி, மூச்சு வாங்குகிறது. இந்த வாரக் குறிப்பில் தலைப்பு நகர்சாளரம், உள்ளே புழுநடை என்று இரண்டையும் போடுகிறேன். பிள்ளைகள் வாயில் எது நிற்கிறது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் ஒன்று: அந்த `while` வரிக்கு, எப்போது இடதை விட வேண்டும் என்று சொல்கிற நிபந்தனைக்கு, ஒரு பெயர் வேண்டும். கணக்குக்குக் கணக்கு மாறுவது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான். ‘விடுநிபந்தனை’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.