பி1 ஜெர்மன் பாடநூல்: மாதிரி அத்தியாயத்தை நம்பி வாங்கலாமா?

கொங்குவாசி:
ஜெர்மன் ஏ2 வகுப்பை முடித்த பிறகு நீண்ட இடைவெளி விழுந்துவிட்டது. இப்போது பி1 பாடநூல் ஒன்றை வாங்கித் தனியாகப் படிக்க எண்ணுகிறேன். பதிப்பகத்தின் தளத்தில் ஓர் அத்தியாயம் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் படித்துப் பார்த்து என் நிலைக்கு ஒத்துவருமா என்று முடிவு செய்யலாமா? எவ்வளவு புரிந்தால் போதும்?

கணக்குப்பிள்ளை:
தாராளமாகச் செய்யலாம், ஆனால் அளவுகோல் கறாராக இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் ஹு, நேஷன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பகுதியைத் துணையின்றிப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். 200 சொற்கள் கொண்ட பகுதி என்றால் தெரியாத சொற்கள் நான்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தப் புத்தகம் உங்களுக்கு மேல்நிலை என்று பொருள். ஏ2 நூல் ஒன்றையே மீண்டும் வாங்குங்கள்.

வடபழனி வாத்தியார்:
கணக்குப்பிள்ளை சொல்லும் எண் சரி, பொருத்திய இடம்தான் தவறு. அந்த ஆய்வு ஆங்கிலக் கதைப் பகுதியை அகராதியின்றி வாசிப்பதைப் பற்றியது. பாடநூலோ புதிய சொற்களைக் கற்பிப்பதற்காகவே எழுதப்படுவது. 200 சொற்களில் நான்குதான் புதியவை என்றால், அந்தப் பணத்தைக் கொடுத்து எதைக் கற்கப் போகிறீர்கள்?

எத்தனை சொற்கள் தெரியவில்லை என்பதைவிட, எந்தச் சொற்கள் தெரியவில்லை என்று பார்ப்பதே பயன் தரும். கோத்தே இன்ஸ்டிடியூட் தன் தேர்வுகளுக்கான சொற்பட்டியல்களை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. ஏ2 பட்டியலில் ஏறத்தாழ 1300 சொற்களும், பி1 பட்டியலில் ஏறத்தாழ 2400 சொற்களும் உள்ளன. மாதிரி அத்தியாயத்தில் 200 சொற்கள் அளவுள்ள ஒரு வாசிப்புப் பகுதியை அச்செடுத்து, அகராதியைத் தொடாமல் ஒருமுறை படித்து, தெரியாத சொற்களை அடிக்கோடிடுங்கள். பிறகு அவற்றை ஏ2 பட்டியலோடு ஒப்பிடுங்கள். அடிக்கோடிட்டவற்றில் பெரும்பாலானவை அதில் இல்லாதவை என்றால், பதினைந்து இருபது இருந்தாலும் கவலையில்லை. அவற்றைக் கற்பிக்கத்தான் அந்த நூல் இருக்கிறது. ஏழெட்டுச் சொற்கள் ஏ2 பட்டியலிலேயே இருந்தால், தடுமாற்றம் நூலால் வந்தது அல்ல, பழைய பாடம் மறந்துபோனதால் வந்தது.

இன்னொன்று: முதல் அத்தியாயம் கிடைத்தால் அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பி1 நூல்களின் முதல் அத்தியாயம் பெரும்பாலும் முந்தைய நிலையின் மீள்பார்வையாகவே இருக்கும். நான்காவது அல்லது ஐந்தாவது அத்தியாயத்தின் ஓரிரு பக்கங்கள் கிடைத்தால்தான் உண்மை தெரியும்.

தில்லை:
எனக்கு இந்த முறையின் மேலேயே நம்பிக்கை இல்லை. இலவசமாக எந்த அத்தியாயத்தைக் கொடுப்பது என்று முடிவு செய்வது பதிப்பகம்தானே. கடினமான அத்தியாயத்தையா கொடுப்பார்கள்? அட்டையில் உள்ள 'பி1' என்ற எழுத்தும் பதிப்பகமே அச்சிட்டுக்கொள்வதுதான். அதற்கும் மேலாக, படிக்கும்போது 'புரிகிறது' என்று தோன்றுவதே பெரிய ஏமாற்று. நான் பார்த்த மாதிரி அத்தியாயம் அலுவலகத்தைப் பற்றியது. 'மீட்டிங்', 'டீம்' என்று பாதி ஆங்கிலச் சொற்களாகவே இருந்ததால், மென்பொருள் வேலையில் இருக்கும் எனக்குத் தடையின்றி ஓடியது. புத்தகம் வந்த பிறகு சுற்றுச்சூழல் பற்றிய அத்தியாயத்தில் ஒரு பத்தியைத் தாண்ட முடியவில்லை.

நாமக்கல் செவிலி:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். ஜெர்மனியில் செவிலியர் பணிக்குப் பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள். எப்படியும் பி2 வரை போக வேண்டும் என்பதால், பி1 நூலை விட்டுவிட்டு நேராக பி2 நூலையே வாங்கிவிடலாமா? மருத்துவச் சொற்கள் எனக்கு ஓரளவு தெரியும்.

வடபழனி வாத்தியார்:
சகோதரி, உங்களுடையது வேறு கேள்வி என்றாலும் இதே சோதனை அதற்கும் பதில் சொல்லும். பி2 நூலின் ஒரு பகுதியை எடுத்து, அதில் தெரியாத சொற்களை பி1 பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மருத்துவப் பகுதியை மட்டும் எடுக்காதீர்கள். தில்லைக்கு அலுவலகப் பகுதி செய்த அதே வேலையை அது உங்களுக்குச் செய்துவிடும்.

தில்லை, தலைப்பு பழகியதாக இருந்தால் அளவு கெடும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். அதனால் சோதனையையே கைவிட வேண்டியதில்லை. பழகாத தலைப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் 'புரிவதுபோல் தோன்றுவது' என்று நீங்கள் சொன்னது இன்னும் ஆழமான சிக்கல், அது ஜெர்மனில் குறிப்பாக உண்டு. 'ஹோரென்' என்றால் கேட்பது, 'அவுஃப்' என்றால் மேலே. இரண்டும் தொடக்க நிலையிலேயே படித்தவை. ஒரு வாக்கியத்தின் நடுவில் 'ஹோர்ட்' வந்து அதன் கடைசியில் 'அவுஃப்' வந்தால், இரண்டும் சேர்ந்து 'நின்றுபோகிறது' என்று பொருள். கற்பவர் இரண்டையும் தெரிந்த சொற்களாக எண்ணி அடிக்கோடிடாமல் நகர்ந்துவிடுவார். ஆகவே வாக்கியத்தின் கடைசியில் தனியாக நிற்கும் குறுஞ்சொற்களை எல்லாம் வட்டமிட்டு, அவை முன்னால் வந்த எந்த வினையைச் சேர்ந்தவை என்று சொல்ல முடிகிறதா என இரண்டாம் முறை பாருங்கள். நேர்மாறான பிழையும் உண்டு: 'வோனுங்ஸ்ஸூகெ' என்ற நீண்ட சொல் மிரட்டும், வீடு, தேடுதல் என்ற இரண்டு எளிய சொற்களாக அதைப் பிரித்துவிட்டால் அடிக்கோடு தேவையில்லை.

கொங்குவாசி:
நான்காம் அத்தியாயத்தில் வாடகை வீடு பற்றிய பகுதியை எடுத்துச் செய்தேன். 200 சொற்களில் முதலில் 26 அடிக்கோடு. கூட்டுச்சொற்களைப் பிரித்ததும் ஐந்து கழிந்தன. நீங்கள் சொன்னபடி வட்டமிட்டபோது மூன்று சேர்ந்தன. ஆக 24. அவற்றில் நான்குதான் ஏ2 பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பகுதிக்குப் பின்னால் உள்ள சரி-தவறு வினாக்களில் ஆறில் இரண்டு தவறாகப் போயின. அட்வான்ஸ் தொகையை மூன்று தவணைகளில் கட்டலாம் என்று அதில் இருக்கிறது. நான் நம் ஊர் வழக்கத்தை நினைத்து மொத்தமாகக் கட்ட வேண்டும் என்று எழுதிவிட்டேன்.

கணக்குப்பிள்ளை:
24 என்றால் 88 சதவீதம்தான் தெரிகிறது. வகுப்பில் ஆசிரியர் இருந்தால் சமாளிக்கலாம். தனியாகப் படிப்பவர் ஒவ்வொரு பத்திக்கும் அகராதியைத் திறந்து திறந்து மூன்றாம் அத்தியாயத்தோடு மூடிவைத்துவிடுவார். என் 98 பாடநூலுக்குப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தனியாகப் படிப்பவருக்கு 95க்குக் கீழே இறங்கக் கூடாது.

வடபழனி வாத்தியார்:
நீங்கள் சொல்லும் களைப்பு உண்மையானது. இருந்தாலும் இவருக்கு ஏ2 சொற்களில் ஓட்டை நான்குதான் என்பதால் வாங்கலாம் என்பதே என் கருத்து. தவறான இரண்டில் ஒன்று ஊகத்தால் வந்தது என்று அவரே சொல்லிவிட்டார். மற்றதற்கான வாக்கியத்தை எடுத்துப் பாருங்கள்: ஒரு சொல் தெரியாததால் தவறியதா, எல்லாச் சொற்களும் தெரிந்தும் வாக்கிய அமைப்பு பிடிபடாமல் தவறியதா? இரண்டாவது என்றால், அதே அத்தியாயத்தின் இலக்கண விளக்கத்தைப் படித்துவிட்டு அந்த வாக்கியத்துக்குத் திரும்புங்கள். அப்போது தெளிந்தால் அந்த நூலின் விளக்கம் உங்களுக்குப் போதுமானது. தெளியாவிட்டால் வேறொரு பி1 நூலின் மாதிரியைப் பாருங்கள். நிலை ஒன்றாக இருந்தாலும் விளக்கும் விதம் நூலுக்கு நூல் மாறும்.

தில்லை:
இவ்வளவும் கண்ணால் படிப்பதற்கான சோதனை. பி1 தேர்வில் கேட்டல் தனிப் பகுதி, எழுதுதலும் பேசுதலும் தனித்தனி. மாதிரி அத்தியாயத்தின் ஒலிப்பதிவும் அதே தளத்தில் இருந்தால், எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் கேட்டு, எவ்வளவு பிடிபட்டது என்று கொங்குவாசி இங்கே சொல்லட்டும். அதற்குப் பிறகும் வாத்தியார் 'வாங்கலாம்' என்பாரா என்று பார்ப்போம்.

கொங்குவாசி:
ஒலிப்பதிவு இருக்கிறது. இன்னும் கேட்கவில்லை. தவறிய இரண்டாவது வினாவில் சொற்கள் எல்லாம் தெரிந்தவைதான். வினைச்சொல் எங்கே முடிகிறது என்றுதான் தெரியவில்லை.