இரவு ஒத்திசைவில் வாடிக்கையாளர் பதிவுகள் இரட்டித்துவிட்டன, கடன் மீதியை எப்படிச் சேர்ப்பது?

யாழ்ப்பாணத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் கணினி வேலை பார்க்கிறேன். தரவுத்தளம் MySQL 8. சுன்னாகம் கிளையின் வாடிக்கையாளர் பட்டியல் தினமும் இரவு 2 மணிக்கு இங்கே வரும். போன செவ்வாய் இரவு 4,100 பேர் 8,200 ஆகிவிட்டார்கள்.

காரணம் தெரிந்துவிட்டது. கிளை எண், அட்டை எண் இரண்டுக்கும் சேர்த்து `UNIQUE` இருக்கிறது. அன்று பகல் நான் செய்த மாற்றத்தால் கிளை எண் `NULL` ஆக வந்தது. `NULL` உள்ள வரிசைகளை `UNIQUE` தடுக்காது. அதனால் `ON DUPLICATE KEY UPDATE` எல்லாவற்றையும் புதிதாகச் சேர்த்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. காலையில் கணக்கர் அண்ணைதான் கண்டுபிடித்தார்; அதற்குள் புதிய பதிவுகளில் 37 பில் போட்டாயிற்று.

காப்பு நகலை மீட்டால் அந்த 37 பில்லும் போய்விடும். புதிய வரிசைகளை அழிக்கப் பார்த்தேன், பில் உள்ளவற்றை அயல் திறவுகோல் தடுத்தது (நல்லகாலம்). இனி நடக்காதிருக்க, கிளை எண்ணை `NOT NULL` ஆக்கப் போகிறேன்; ஒரே இரவில் 50 பேருக்கு மேல் புதிதாகச் சேர்ந்தால் ஒத்திசைவு தானே நிற்கும். சம்பவ அறிக்கையில் மிச்சம் இந்த ஒன்றுதான்.

பில்களைப் பழைய பதிவுக்கு மாற்றியபின், கடன் மீதியைப் பில்களிலிருந்து முழுதாக மீளக் கணக்கிடுவதா, அந்த 37 பில்லின் தொகையை மட்டும் பழைய மீதியில் கூட்டுவதா?