உதவி: R-இல் மூன்று p மதிப்புக்கு ஒரே விடை வருகிறது, இது பிழையா?

செம்மண்
அவசரம், நாளைக்கு மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். கோப்பாய்ப் பக்கத்து சின்ன வெங்காயத் தோட்டங்களின் மண். இலை முறுகும் நோய் வந்த தோட்டம், வராத தோட்டம் என்று பற்றீரியாக்களை ஒப்பிட்டேன். மிகச் சிறிய ஐந்து p மதிப்புகள்: 0.00011, 0.0003, 0.0007, 0.0008, 0.0010. திருத்தியதும் இப்படி வருகிறது:

```
0.0264 0.0360 0.0480 0.0480 0.0480
```

கடைசி மூன்றும் ஒன்றாக இருக்க ஏலுமா? கையால் போட்டால் மூன்றாவதுக்கு 0.056 வருகிறது.

கிணற்றடி
மொத்தம் எத்தனை பற்றீரியா வகை? என்ன method கொடுத்தீர்கள்? ஒவ்வொரு பக்கமும் எத்தனை தோட்டம்? இதெல்லாம் இல்லாமல் என்னத்தைச் சொல்வது தங்கச்சி?

வல்லைவெளி
எனக்கும் இதே கரைச்சல். கிணற்றுத் தண்ணீரில் 15 அளவீடுகள், பக்கத்துக்கு 5 கிணறு, வில்கொக்சன் சோதனை. போன்பெரோனி போட்டேன், ஒன்றும் தேறவில்லை.

பண்ணைப்பாலம்
வல்லைவெளி, அது தேறவே தேறாது. ஐந்துக்கு ஐந்து வைத்தால் வில்கொக்சன் தரக்கூடிய ஆகச் சிறிய p 0.0079. உங்கள் எல்லை 0.05/15, அதாவது 0.0033. அளக்கப் போகுமுன்பே முடிவு தெரிந்த வேலை. இதை முதலாம் வருடத்திலேயே படித்திருக்க வேண்டும்.

செம்மண்
மன்னிக்கவும். 240 வகை, method = "BH", பக்கத்துக்கு 12 தோட்டம்.

நெல்லியடி
அப்படியென்றால் R பிழைதான். BH-இல் சிறியதிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும். i-ஆவது p-க்கு எல்லை 0.05 × i / 240. மூன்றாவதின் எல்லை 0.000625, உங்களுடையது 0.0007. அங்கே தாண்டிவிட்டது, அதோடு நிற்பாட்ட வேண்டும். உங்களுக்கு இரண்டுதான்.

கிணற்றடி
நெல்லியடி அண்ணை, எல்லைக் கணக்கு சரி, நிற்பாட்டும் இடம்தான் சரியில்லை. முதலில் தவறும் இடத்தில் நிற்பது ஹோல்ம் முறை. பெஞ்சமினியும் ஹோக்பெர்க்கும் 1995-இல் சொன்னது பெரிய பக்கத்திலிருந்து இறங்கி வருவதை. எல்லைக்குள் இருக்கும் கடைசி ஆளைக் கண்டுபிடித்தால், அவருக்கு முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் சேர்ந்து உள்ளே வருவார்கள். நாலாவதின் எல்லை 0.000833, அவருடைய 0.0008 உள்ளே. ஐந்தாவதின் எல்லை 0.00104, அவருடைய 0.0010 அதுவும் உள்ளே. ஆகவே மூன்றாவதும் வரும்.

R அதைத்தான் காட்டுகிறது. மூன்றாவதுக்கு 0.0007 × 240 / 3 = 0.056 என்றாலும், அதற்குப் பின்னால் உள்ளவற்றில் ஆகக் குறைந்த 0.048-ஐ அது எடுத்துக்கொள்கிறது. ஆறாவது p எவ்வளவு?

செம்மண்
0.0031. மற்றதெல்லாம் அதைவிடப் பெரிசு, திருத்தினால் எதுவும் 0.05-க்குக் கீழே இல்லை.

கிணற்றடி
அப்போ ஐந்து. போன்பெரோனி போட்டால் எல்லை 0.000208, முதலாவது மட்டும்தான் மிஞ்சும்.

பண்ணைப்பாலம்
அந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள். பரிசோதகர்கள் முன்னால் நின்று பிடிக்கக்கூடியது அதுதான். ஐந்தில் எது பொய் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கிணற்றடி
அப்படிக் கேட்டால் எவராலும் சொல்ல ஏலாது. 5% என்பது இந்த ஐந்துக்குத் தரும் உத்தரவாதம் இல்லை. இதே முறையைத் திரும்பத் திரும்பப் பாவித்தால், தேறியவை என்று எடுப்பதில் பொய்யின் பங்கு சராசரியாக 5%-ஐத் தாண்டாது, அவ்வளவுதான். அடுத்த போகத்தில் இந்த ஐந்தையும் திரும்பச் சோதிக்கப் போகிறார் என்றால் அது தாராளமாகப் போதும். ஒரேயொரு பற்றீரியாவை நம்பி விவசாயிகளுக்கு மருந்து சொல்லப் போகிறார் என்றால் நானும் போன்பெரோனிதான் போடுவேன்.

பண்ணைப்பாலம்
BH எப்போதும் செல்லுபடியாகும் மாதிரிக் கதைக்கிறீர்கள். சோதனைகள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே பக்கமாகச் சார்ந்திருக்க வேண்டும். இவர் எடுத்திருப்பது சதவீதம் என்றால் ஒரு வகை கூடினால் இன்னொன்று குறையத்தான் வேண்டும். 2001-இல் வந்த பெஞ்சமினி-யெகுதியேலி திருத்தத்தைப் போட்டுப் பாருங்கள். 240-க்கு எல்லாம் இன்னும் 6 மடங்கு பெருகும். 0.0264 ஏறத்தாழ 0.16 ஆகிவிடும், ஒன்றும் மிஞ்சாது.

கிணற்றடி
ஓம், அது நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் திருத்தம் எந்த விதமான சார்புக்கும் ஈடுகொடுக்கவென்று செய்தது, அதனால் அளவுக்கு மேல் இறுக்கம். சதவீதத்தால் வரும் சிக்கலை p-க்குப் பிறகு திருத்துவதைவிட, சோதனைக்கு முதலே லொக் விகிதமாக மாற்றுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அப்போதும் சார்பு முழுதாகப் போய்விடாது. செம்மண், சதவீதமா எடுத்தீர்கள்?

நெல்லியடி
ஹோல்மும் இதுவும் எனக்குக் கலந்துவிட்டது, சரி. ஆனால் 240 என்பது முழுப் பட்டியலா? நோய்த் தோட்டத்தில் கூடியிருந்ததைப் பார்த்துப் பொறுக்கியது என்றால் இந்தக் கணக்கு முழுக்க விழுந்துவிடும்.

செம்மண்
பொறுக்கவில்லை. எந்தத் தோட்டம் என்று பாராமல், மிகக் குறைவாக இருந்த வகைகளை மட்டும் விட்டேன். சதவீதம்தான். ஐந்தையும் எழுதி, போன்பெரோனியில் ஒன்று என்றும் பக்கத்தில் போடுகிறேன். நன்றி அண்ணைமார்.

பண்ணைப்பாலம்
லொக் எடுக்கும்போது பூச்சியங்களுக்கு என்ன போடப் போகிறீர்கள்? அதை மாற்றினால் இந்த ஐந்தும் மாறும்.